கலைந்த கண்மையைப் படத்தில் சரிசெய்வது எப்படி?

"போட்டோஷாப்பில் கண்ணுக்குக் கீழே கலைந்த மையைத் துடைத்தால் ஒப்பனையே மாறிவிடுகிறது. உதட்டுச்சாயமும் திட்டுத்திட்டாக இருக்கிறது, இமைச்சாயமும் சமமாக இல்லை. என்ன செய்வது?"

முதலில் இரு கண்களையும் ஒப்பிடுங்கள். வேண்டுமென்றே பரப்பிய மை இரு பக்கமும் சீராக மங்கும். கலைந்தது பெரும்பாலும் சீரில்லாமல் சுருக்கக் கோடுகளில் தேங்கி நிற்கும். அதை மட்டும் தொடுங்கள்.

உடனே Healing Brush எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இமைக்கோட்டருகே அது கருமையை இழுத்து அழுக்காக்கும். மெல்லிய கறைக்கு அடியில் தோலின் நுண்துளைகள் அப்படியே இருக்கின்றன. வெளிச்சம் கூட்டினாலே போதும். Curves அடுக்கில் நடுப்பகுதியை உயர்த்தி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, Flow 10% வைத்து வெள்ளையால் மெல்லத் தீட்டுங்கள். சாம்பல் நிறம் மிஞ்சும். மேலே Color முறையில் ஓர் அடுக்கு வைத்து, பக்கத்துக் கன்னத்தின் நிறத்தை எடுத்துப் பூசினால் மறையும். இமை வேருக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். அந்தக் கருமைதான் ஒப்பனையின் பாணி.

உதட்டுக்கும் இதே Color அடுக்குதான். நிறத்தை நன்றாகப் படிந்த இடத்திலிருந்து எடுங்கள். வெளிறிய திட்டு மிஞ்சினால் Multiply முறையில் ஓர் அடுக்கு வைத்து அதே நிறத்தைச் சிறிது பூசுங்கள். பளபளப்பை விட்டுவிடுங்கள், போனால் உதடு தட்டையாகிவிடும்.

இமைச்சாயத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்: வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் இரு இமைகளும் வேறுபடத்தான் செய்யும்.