பார்சல் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்: லிங்க்கை தொடலாமா? கேள்வி பதில்

கேள்வி: "உங்கள் பார்சல் முகவரி தவறு, 12 மணி நேரத்தில் சரி செய்யவும்"னு வந்திருக்கு, ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கேன். க்ளிக் பண்ணலாமா? நிஜமாவே ஒரு பார்சல் வரணும்.

வேண்டாங்க. படத்துல இருக்கற லிங்க் இதுதான், யாரும் தவறி தொட்டுடக் கூடாதுன்னு முடிவை மட்டும் மாத்தியிருக்கேன்:

```
https://courier.com-track.example/pay
```

`https://` தாண்டி வர்ற முதல் சாய்கோட்டுல நின்னு அங்கேருந்து பின்னாடி படிங்க. கடைசி ரெண்டு துண்டு, அதாவது `com-track.example`, அதுதான் தளத்தோட சொந்தக்காரர். முன்னாடி இருக்கற courier வெறும் ஒட்டு, யார் வேணாலும் எந்த பேரையும் ஒட்டிக்கலாம். நடுவுல com-ஐ நுழைச்சு, அதுக்கு அப்புறம் சாய்கோட்டுக்கு பதிலா சின்ன கோடு போட்டிருக்கறதே கண்ணை ஏமாத்தத்தான். இன்னொண்ணு, மெசேஜ்ல உங்க பேரும் இல்ல, ஆர்டர் நம்பரும் இல்ல. ஒரே மெசேஜை ஆயிரக்கணக்கான பேருக்கு விடுறாங்க, அதுல பார்சலுக்கு காத்திருக்கற ஆளு எப்படியும் சிக்குவார். ஆர்டர் போட்ட ஆப்பை நீங்களே திறந்து பாத்துக்கங்க.

கேள்வி: ஆனா https இருக்கு, பூட்டு சின்னமும் வருது. அப்போ சேஃப்தானே?

பாதி சரி. நீங்க டைப் பண்றது வழியில யாருக்கும் தெரியாதுன்னுதான் பூட்டுக்கு அர்த்தம். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறது திருடனா இல்லையான்னு அது சொல்லாது, திருடனும் பூட்டு வாங்கலாம், இலவசமாவே கிடைக்குது.

கேள்வி: எனக்கு இந்த மாதிரி ஒரு லிங்க் மெசேஜ், பேங்க்கோட பழைய ஓடிபி எல்லாம் இருக்கற அதே இடத்துலயே வந்துச்சே?

போன் அனுப்புனவர் பேரை மட்டும் வச்சு மெசேஜை சேத்துடும். பேரை போலியா போட வழி இருக்கு, போட்டா நிஜத்துக்கு கீழயே வந்து உக்காரும். அதனால அது எங்க வந்துச்சுங்கறதை நம்பாதீங்க, என்ன கேக்குதுன்னு பாருங்க.

கேள்வி: நான் அந்த நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன், போதும்ல?

நல்லது, ஆனா அடுத்தது வேற நம்பர்ல வரும். "Y-னு ரிப்ளை பண்ணிட்டு லிங்க்கை திறங்க"ன்னு கேட்டா மட்டும் பண்ணாதீங்க. தெரியாதவர் அனுப்புற லிங்க்கை ஐபோன் முடக்கி வைக்கும், நீங்க ரிப்ளை போட்டா அந்த தடுப்பு போயிடும்.

கேள்வி: போன வாரம் சின்ன தொகைதானேன்னு கார்டு நம்பர் போட்டுட்டேன், ஓடிபியும் குடுத்தேன். பணம் இன்னும் போகல, பயப்படணுமா?

இப்பவே கார்டை முடக்குங்க, கார்டுக்கு பின்னாடி இருக்கற நம்பருக்கு கூப்பிட்டு. அவங்களுக்கு அந்த சின்ன தொகை வேணாம், கார்டுதான் வேணும். அந்த ஓடிபி மெசேஜை திரும்ப படிங்க, எதுக்குன்னு அதுலயே இருக்கலாம். "இன்னொரு போன்ல கார்டு சேர்க்க"ன்னு இருந்தா பேங்க்ல அதை குறிப்பா சொல்லுங்க, அந்த இணைப்பையும் எடுத்தாச்சான்னு கேட்டு உறுதி பண்ணிக்கங்க. கூடவே ஏதாவது ஆப் இன்ஸ்டால் பண்ண சொன்னாங்களா? அப்படின்னா கதை வேற, அது உங்க மெசேஜை படிக்கற ஆப்பா இருக்கலாம், புது ஓடிபியும் அங்க போயிடும். ஆமான்னா நெட்டை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்லேருந்து கூப்பிடுங்க.