காரை மாற்றினால் மனம் நிறையுமா?

கேள்வி: வயது 41. லாஸ்பேட்டையில் சொந்த வீடு, சென்ற ஆண்டு பதவி உயர்வு, தை மாதம் கார். எதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் மகிழ்ச்சி தரவில்லை. கடலூர் முதுநகரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் தவறாமல் போய்விடுகிறது. கார் வந்த புதிதில் அவரைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அன்று மட்டும் மனம் நிறைந்திருந்தது. இன்னும் பெரிய கார் வாங்கலாமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: கார் தை மாதம் வந்தது என்று நினைவு வைத்திருக்கும் நீங்கள், அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதை எழுதவில்லை. பணம் "போய்விடுகிறது" என்கிறீர்கள். அனுப்புகிறேன் என்றுகூட எழுத வரவில்லை. வங்கி அனுப்புகிறது, நீங்கள் அதை மறந்துவிடுகிறீர்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

காரின் மீதான மகிழ்ச்சி குறைந்ததில் உங்கள் தவறு ஏதுமில்லை. மனம் மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. நாள்தோறும் அதே இருக்கையில் அமர்ந்தால் அந்தச் சொகுசு வழக்கமாகிவிடுகிறது, பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய கார் உங்கள் அளவுகோலாகிவிடுகிறது. பெரிய காரை வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும், மாதத் தவணை மட்டும் கூடும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு 5 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கொடுத்து, தினமும் ஒரே விதமாகச் செலவிடச் சொன்னார்கள். தமக்கென்று செலவிட்டவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் குறைந்தது. பிறருக்குக் கொடுத்தவர்களின் மகிழ்ச்சியோ ஐந்தாம் நாளிலும் ஏறக்குறைய முதல் நாள் அளவிலேயே இருந்தது. ஐந்து நாள் சோதனை ஓர் ஆயுளுக்குச் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்காக வாங்கியதை எளிதில் முந்தையதோடு ஒப்பிட்டுவிடுகிறோம், கொடுக்கும்போது அந்த ஒப்பீடு அவ்வளவாக எழுவதில்லை என்ற விளக்கம் உங்கள் கடற்கரை நாளுக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் மாதப் பணத்தில் ஏன் நிறைவில்லை என்று கேட்பீர்கள். அதைப் பெறும் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை. பணம் அனுப்புவது மகனின் கடமையில் பாதிதான். மீதிப் பாதியை எந்த வங்கியும் செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடலூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான், தம்பி. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு போங்கள். பரிசுப் பொருளோடு போய் உடனே திரும்பாதீர்கள். பாடலீஸ்வரர் கோயிலோ, கண் மருத்துவரோ, அவருடைய தங்கை வீடோ, எங்கே போக வேண்டும் என்பதை அம்மாவே சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் அதுவும் சடங்காகிவிடாது. கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு எப்போது கிளம்பலாம் என்று பார்க்கத் தொடங்கினீர்களானால், அது மீண்டும் வங்கி வேலையாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கார் பற்றி ஆறு மாதம் கழித்து, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.