நெத்திலித் தொக்கு: முதல் மாதத்துக்கு எத்தனை பாட்டில்?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் மகளிர் குழு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை 200 கிராம் பாட்டிலில் போட்டு 20 கடைகளில் விற்கப் போகிறது. இதற்கு முன் விற்ற கணக்கு எதுவும் கையில் இல்லை. ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே போதும் என்கிறார்கள் சிலர். முதல் மாதத்துக்கு எத்தனை பாட்டில் போடலாம்?

பதில்:

அந்த நூற்றுக்கு ஒருவர் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் குளித்து முடிக்கும் யாத்திரிகர்களில் பலர் ஊர் திரும்பும்வரை கவிச்சியைத் தொடமாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ‘ஒருவர்’ எங்கிருந்தும் அளந்து எடுக்கப்பட்ட எண் அல்ல என்பது. கூட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய கற்பனைதான் கிடைக்கும்.

நான் ராமநாதபுரம் வட்டாரக் கடைகளுக்கு உணவுப் பொருள் போடும் தொழிலில் இருக்கிறேன். புதுச் சரக்கு எதற்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கடையில், ஒரு வாரத்தில், வாடிக்கையாளர் கைக்கு எத்தனை பாட்டில் போகும்? உங்கள் சரக்கு இதற்குப் பதில் சொல்லாது. அதைப் போன்ற சரக்குகள் சொல்லும். மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய், வேறொரு குழு கொண்டுவந்த பூண்டுத் தொக்கு ஆகியவை கடைக்கு வந்த புதிதில், முதல் ஆறு வாரங்களில் எப்படிப் போயின என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இப்போது எவ்வளவு போகிறது என்று கேட்டால், பல ஆண்டுகள் ஊன்றிவிட்ட பெயரின் விற்பனையை உங்கள் முதல் மாதத்துக்கு வாங்கிக்கொண்டதாகிவிடும்.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அலமாரியில் இன்று நிற்பவை எல்லாம் பிழைத்துக்கொண்ட சரக்குகள். தூசி படிந்து திரும்பிப் போனவை அங்கே இல்லை. அவற்றைச் சேர்க்காவிட்டால் உங்கள் கணிப்பு எப்போதும் மேல்நோக்கியே சாயும். ஆகவே, ‘நீங்கள் திருப்பி அனுப்பிய பாட்டில் எது?’ என்று கட்டாயம் கேளுங்கள். கடைக்காரர்கள் இதை மட்டும் மறப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை; உங்களுக்குக் கிடைக்கும் எண்களை அந்த இடத்தில் வையுங்கள். ஐந்து சரக்குகள், கடைக்கு வாரத்துக்கு 1, 2, 2, 4, 6 பாட்டில் போயின என்று வைத்துக்கொள்வோம். 1 என்பது திரும்பிப் போன சரக்கு. சராசரி 3, ஆனால் அதை ஒரே ஒரு 6 இழுத்து உயர்த்தியிருக்கிறது. இவ்வளவு குறைவான எண்களில் நான் நடு எண்ணைத்தான் எடுப்பேன்; அது 2.

அடுத்தது மனிதர்களின் மதிப்பீடு. வீட்டு வாசலில் நின்று ‘வாங்குவீர்களா?’ என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் இல்லை. மாறாக, இந்தச் சரக்கை நன்கு அறிந்த மூன்று பேரைப் பிடியுங்கள்: கீழக்கரையில் ஒரு கடைக்காரர், பாம்பனில் ஒரு கருவாட்டு வியாபாரி, ராமநாதபுரத்தில் மெஸ் நடத்தும் ஒருவர். ஐந்து சரக்குகளின் எண்களையும் காட்டி, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் தாளில் எழுதி வாங்குங்கள். காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு பெயர் சொல்லாமல் எல்லாக் காரணங்களையும் படித்துக் காட்டி, மாற்ற விரும்பினால் மாற்றச் சொல்லுங்கள். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவான டெல்ஃபி முறையின் சாரம் இதுதான். எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால், மூத்தவர் சொன்னதே மூன்று பேரின் பதிலாகிவிடும்.

அவர்கள் 2, 3, 4 என்று எழுதினால் நடு எண் 3. ஒத்த சரக்குகள் தந்த 2-ஐயும் இதையும் சேர்த்துப் பாதியாக்கினால் 2.5. இருபது கடை, நான்கு வாரம் என்றால் 200 பாட்டில். இது கணிப்பு, எத்தனை போடுவது என்பது வேறு கேள்வி. அதற்குப் பணக் கணக்கு வேண்டும்.

பாட்டிலுக்கு அடக்கம் 80 ரூபாய், கடைக்குக் கொடுக்கும் விலை 120 என்க. ஒன்று குறைந்துபோனால் 40 ரூபாய் லாபம் போகும். ஒன்று மிஞ்சிக் கெட்டால் 80 ரூபாய் போகும். 40-ஐ, 40-ம் 80-ம் சேர்ந்த 120-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, வரிசைப்படுத்திய ஐந்து எண்களில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் நிற்கும் எண்ணுக்குத்தான் சரக்குப் போட வேண்டும். அது 2, ஆக 160 பாட்டில். ஆனால் தொக்கு பல மாதம் தாங்கும், மிஞ்சியதை அடுத்த மாதம் விற்கலாம் என்றால், மிஞ்சும் பாட்டிலின் நஷ்டம் வண்டிச் செலவும் முடங்கிய பணமுமாக 10 ரூபாய்தான். அப்போது 40-ஐ 50-ஆல் வகுக்க, ஐந்தில் நான்கு பங்கு, அது 4-இல் நிற்கிறது, 320 பாட்டில். கணிப்பு மாறவே இல்லை, போட வேண்டிய சரக்கு இரண்டு மடங்காகிவிட்டது. ஆகையால் கணிப்பைத் தீட்டிக்கொண்டிருப்பதற்கு முன் தொக்கு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதை ஆய்வகத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியும்வரை 160-தான் என் பதில். நெத்திலி கிடைக்கும் காலத்தில் இரண்டாம் முறை போட உங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது.

விற்கத் தொடங்கியதும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டும் இருக்கக் கூடாது, ஒரு வார விற்பனையைப் பார்த்துத் தாவவும் கூடாது. முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அது பெரும்பாலும் உறவினர்களும் புதுமைக்காக வாங்குபவர்களும்தான். அதற்குப் பிந்தைய வாரங்களை எடுங்கள். நம் ஐந்து சரக்குகளின் எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கம் 2. உங்கள் வார விற்பனையும் கடைக்கு 2 பாட்டில் அளவில் ஏறி இறங்கினால், ஒரு வாரத்தின் விற்பனைக்கும் பழைய கணிப்புக்கும் சம எடை தரலாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டால் விற்பனைக்கு மூன்றில் இரண்டு பங்கு, கணிப்புக்கு ஒரு பங்கு. அந்த இரண்டு வாரச் சராசரி 4 என்றால் புதுக் கணிப்பு 3.5, அடுத்த மாதத் தேவை 280 பாட்டில்.

விற்பனை என்று நான் சொல்வது கடைக்கு இறக்கியதை அல்ல. விற்றபின் காசு என்றால் எந்தக் கடைக்காரரும் இரண்டு டஜன் வாங்கி வைத்துக்கொள்வார். வாரம் ஒருமுறை அலமாரியில் மீதியை எண்ணுங்கள். புதன்கிழமையே தீர்ந்துபோன கடையில் விற்ற மூன்றை முழு வாரத் தேவையாக எழுதாதீர்கள்; எத்தனை நாள் சரக்கு இருந்தது என்று குறித்து, அத்தனை நாளுக்கு மட்டும் விகிதம் போடுங்கள்.

மாதங்களும் ஒன்றுபோல் இருக்காது. புரட்டாசியில் பல வீடுகளில் மீன் இல்லை. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் கீழக்கரையில் அந்தத் தடை தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏறும் அந்த 61 நாள் விற்பனையை ஆண்டு முழுவதற்கும் நீட்ட முடியாது. உங்களிடம் ஓராண்டுக் கணக்கு சேரும்வரை இதையும் கடன் வாங்கலாம்: ஒரே கடையில் மீன் ஊறுகாய் ஆவணியில் பத்து, புரட்டாசியில் ஆறு போயிருந்தால், அந்தக் கடைக்கான உங்கள் கணிப்பைப் புரட்டாசிக்கு 0.6-ஆல் பெருக்குங்கள். கடைக்குக் கடை இந்த எண் வேறுபடும் என்பதால் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.