பாக்கெட் உணவில் ஒளிந்திருக்கும் லாக்டோஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

"எனக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாது. பால், ஐஸ்கிரீம் எல்லாம் நிறுத்திவிட்டேன். ஆனாலும் சில பாக்கெட் தின்பண்டங்கள் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. லேபிளில் எதைப் பார்ப்பது?"

முதலில் தேட வேண்டியது பால் திரியும்போது பிரியும் நீரை உலர்த்திய வே பவுடர், பால் பவுடர், பால் திடப்பொருள் இந்த மூன்றும்தான். வே பவுடரில் ஏறக்குறைய முக்கால் பங்கு லாக்டோஸ், கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி. பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாதவையும் உண்டு: லாக்டிக் அமிலம் லாக்டோஸ் இல்லை, கோகோ பட்டரில் பாலே இல்லை. கேசினேட் பால் புரதம்தான், ஆனால் அதில் லாக்டோஸ் மிகக் கொஞ்சம். (பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அவர்கள் கேசினேட்டையும் லாக்டோஸ் நீக்கிய பாலையும்கூடத் தொடக்கூடாது.)

ஆனால் பெயர் இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பாலில் இருக்கும் அளவைப் பெரிய தொந்தரவில்லாமல் தாங்கிவிடுகிறார்கள். லேபிளில் லாக்டோஸ் அளவைத் தனியாகப் போடுவது அபூர்வம். அதனால் மொத்த சர்க்கரை வரியைப் பாருங்கள். லாக்டோஸும் ஒரு சர்க்கரைதான், அது அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும், அதைத் தாண்டிப் போக முடியாது.

மசாலா தூவிய சிப்ஸை எடுத்துக்கொள்வோம். பொருள் பட்டியலில் உருளைக்கிழங்கு, எண்ணெய், வே பவுடர், வெங்காயப் பொடி, உப்பு என்று வருகிறது, 100 கிராமுக்கு மொத்த சர்க்கரை 4 கிராம். 50 கிராம் பாக்கெட் முழுவதையும் நீங்களே காலி செய்தாலும் உள்ளே போகும் லாக்டோஸ் 2 கிராமைத் தாண்டாது.

சரி, பிஸ்கட்டில் என்ன செய்வது? அதில் சாதாரணச் சர்க்கரையே நிறைய இருப்பதால் இந்த வழி உதவாது. அங்கே உப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுதுவார்கள், அதனால் வே பவுடர் உப்புக்குப் பின்னால் வந்தால் அதன் எடை உப்பைவிட அதிகமாக இருக்க வாய்ப்பில்லை. 100 கிராமில் சோடியம் 400 மில்லிகிராம் என்றால் அதை இரண்டரையால் பெருக்குங்கள், உப்பு அதிகபட்சம் 1 கிராம், அப்போது லாக்டோஸ் முக்கால் கிராம்கூடத் தேறாது. வே பவுடரோ பால் பவுடரோ பட்டியலில் இரண்டாவது, மூன்றாவதாக வந்தால் கதையே வேறு, உடனடி ஒயிட் சாஸ் கலவை, கிரீம் சூப் பொடி இவற்றில் அப்படித்தான் இருக்கும். அவற்றைத் தள்ளி வைப்பது நல்லது.

அப்புறம், கணக்குப் போட்டதில் 2 கிராம்தான் வருகிறது, ஆனாலும் வயிறு உப்புகிறது என்றால் லாக்டோஸைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு அதே பட்டியலில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, இனுலின், சார்பிட்டால், மால்டிடால் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவையும் குடலில் அதே மாதிரிதான் வாயுவை உண்டாக்கும்.