நாளைக்கு 240 அழைப்பு: எத்தனை ஏஜென்ட் வேண்டும்?

கேள்வி: எங்கள் கால் சென்டருக்கு 8 மணி நேரத்தில் சுமார் 240 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் சராசரியாக 4 நிமிடம் பேசுகிறோம். கணக்குப் போட்டால் 2 பேர் போதும் என்று வருகிறது. 3 பேர் வைத்தும் வாடிக்கையாளர்கள் லைனில் காத்துக்கிடக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரிதான். அதில் போட்ட எண்கள்தான் வேறாக இருக்க வேண்டும்.

முதலில் அந்த 4 நிமிடம். அது பேச்சு நேரம் மட்டும். போனை வைத்ததும் ஏஜென்ட் புகாரைப் பதிவு செய்கிறார், குறிப்பு எழுதுகிறார், சில சமயம் இன்னொரு பிரிவுக்கு மெயில் அனுப்புகிறார். அதுவரை அடுத்த அழைப்பை அவரால் எடுக்க முடியாது. நடுவில் ஹோல்டில் போட்ட நேரத்தையும் சிஸ்டம் தனியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கையாளும் நேரம் என்பது இவை எல்லாம் சேர்ந்தது. ஒரு ஏஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்து இருபது அழைப்புகளுக்குக் கடிகாரம் பிடித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இங்கே 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, நாள் முழுவதற்குமான சராசரி. மணிக்கு 30 அழைப்பு என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். காலை 11 மணிக்கு 48 வரும், மதியம் 3 மணிக்கு 15 வரும். வாடிக்கையாளர் காத்திருப்பது 11 மணிக்குத்தான், ஆகவே அந்த மணிக்குத்தான் கணக்குப் போட வேண்டும். 48 அழைப்பு, தலா 5 நிமிடம்: 240 நிமிட வேலை. அதை 60 ஆல் வகுத்தால் 4. அதாவது 4 பேர் ஒரு நொடிகூட ஓயாமல் செய்யும் வேலை. 3 பேர் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் வரிசை நீண்டுகொண்டேதான் போகும்.

அப்போ 4 பேர் போதுமா? போதாது. அழைப்புகள் வரிசையாக வருவதில்லை. 11:05க்கு இரண்டு நிமிடம் போனே அடிக்காது, 11:09க்கு நான்கு லைனும் ஒன்றாக அடிக்கும். சும்மா போன அந்த இரண்டு நிமிடத்தைச் சேமித்து வைத்து 11:09க்குச் செலவழிக்க முடியாது. டென்மார்க் கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது இதற்குத்தான் சூத்திரம் கண்டார். 1917இல் அது வெளியானது. இன்றும் எர்லாங் சி என்ற பெயரில் அதையே பயன்படுத்துகிறோம். எக்செலில் A1இல் வேலைச்சுமை (4), B1இல் ஆட்கள், C1இல் கையாளும் நேரம் நொடிகளில் (300) போடுங்கள். பிறகு D1, E1 இரண்டிலும் முறையே இந்த இரண்டு வரிகள்:

```
=POISSON.DIST(B1,A1,FALSE)/(POISSON.DIST(B1,A1,FALSE)+(1-A1/B1)*POISSON.DIST(B1-1,A1,TRUE))
=1-D1*EXP(-(B1-A1)*20/C1)
```

D1 காட்டுவது, அழைப்பவர் காத்திருக்க நேரும் வாய்ப்பு. E1 காட்டுவது, 20 நொடிக்குள் எடுக்கப்படும் அழைப்புகளின் பங்கு. B1இல் வேலைச்சுமையைவிடப் பெரிய எண்ணைத்தான் போட வேண்டும்.

5 பேர் என்று போட்டால் 48 சதவீத அழைப்புகள்தான் 20 நொடிக்குள் எடுக்கப்படும், சராசரிக் காத்திருப்பு 166 நொடி. 6 பேர் என்றால் 75 சதவீதம், 43 நொடி. 7 பேர் என்றால் 89 சதவீதம், 14 நொடிக்கும் குறைவு. 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுப்பது பலர் வைத்துக்கொள்ளும் இலக்கு. அதற்கு 7 பேர் வேண்டும். 6 பேரோடு 75 சதவீதம் போதும் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் தப்பில்லை, ஆனால் 5க்கு இறங்காதீர்கள்.

7 பேர் இருக்கும்போது ஒவ்வொருவரும் வேலையில் இருப்பது 57 சதவீத நேரம்தான். முதலாளி கண்ணுக்கு இது சோம்பலாகத் தெரியும். சிறிய குழுவில் இதைத் தவிர்க்க முடியாது, அந்த ஓய்வு நேரம்தான் 11:09ஐத் தாங்குகிறது.

இந்த 7 என்பது சீட்டில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் தலைகள். விடுப்பு, சாப்பாடு, தேநீர், பயிற்சி என்று கால்வாசி நேரம் போகிறது என்றால் 7ஐ 0.75 ஆல் வகுக்க வேண்டும்: 9.3 வரும், அதாவது 10 பேர். ஆனால் 7 பேர் தேவைப்படுவது உச்ச நேரத்துக்கு மட்டும்தானே. இடைவேளைகளை அந்த நேரத்துக்கு வெளியே தள்ளி, வேறு வேலை பார்க்கும் ஓரிருவரை அப்போது மட்டும் போனுக்கு அழைத்தால் இந்த எண் குறையும்.

கடைசியாக அந்த 240ஐயும் சந்தேகப்படுங்கள். அது எடுத்த அழைப்புகளா, வந்த அழைப்புகளா? எடுத்தவை மட்டும் என்றால், காத்திருந்து வைத்துவிட்டவர்கள் கணக்கில் இல்லை. மாறாக எல்லாமே அதில் இருந்தால், வெறுத்துப்போய் மூன்று முறை அடித்த ஒருவர் மூன்று பேராகத் தெரிவார். பதிவை எண் வாரியாக அடுக்கி, கால் மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்த எண்ணை ஒன்றாக எண்ணுங்கள். எர்லாங் சி யாரும் போனை வைக்க மாட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறது, அதனால் நிறையப் பேர் விட்டுப்போகும் இடத்தில் ஆட்களைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். முதலில் 6 பேரோடு இரண்டு வாரம் ஓட்டி, 11 மணிக் காத்திருப்பை அளந்து, அதற்குப் பிறகு ஏழாவது ஆளைப் பற்றி முடிவு செய்யுங்கள்.