அரிதாரம் நான்கு கட்டம், அப்புறம் ஒரு 🤡

கேள்வி: ஏதாவது சொதப்பினால் இப்போதெல்லாம் ஆளாளுக்குத் தனக்குத்தானே 🤡 போட்டுக்கொள்கிறார்களே, கோமாளி என்றால் திட்டு இல்லையா? எதற்கு அப்படிப் போடுகிறார்கள்?

திட்டுதான், சந்தேகமே வேண்டாம். அடுத்தவன் திட்டுவதற்குள் நாமே முந்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் எல்லாச் சொதப்பலுக்கும் இதைப் போட முடியாது, அதற்கென்று ஒரு தகுதி வேண்டும். என் கதையைச் சொன்னால் புரியும்.

ஊருக்குப் போக ராத்திரி வண்டியில் டிக்கெட் போட்டிருந்தேன். தேதி 14, நேரம் 00:10. நான் 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பதினொன்றேகாலுக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து, 'இன்றைக்காவது பதற்றமில்லாமல் வந்தோமே' என்று ஒரு காபியும் குடித்துவிட்டு, வண்டி வந்ததும் ஏறிப்போனால் என் பெர்த்தில் ஒரு பெரியவர் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். "சார், இது என்னுடைய பெர்த்" என்றேன், கொஞ்சம் கறாராகவே. அவர் கோபப்படவில்லை. என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நேத்து ராத்திரியே போயிருச்சே" என்றார்.

ஆமாம், 14-ஆம் தேதி 00:10 என்றால் 13-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம். வண்டி கிளம்பி கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருந்தது. பிளாட்பாரத்தில் இறங்கி நின்று நண்பர்கள் குழுவில் நான் போட்ட செய்தி: "நேற்று போன வண்டிக்கு இன்று வந்து ஒரு பெரியவரை எழுப்பிவிடப் பார்த்தேன் 🤡".

மழையால் வண்டி ரத்தாகியிருந்தால் இதைப் போட்டிருக்க மாட்டேன், போட்டாலும் பொருந்தியிருக்காது. யாராவது என்னை ஏமாற்றிப் போலி டிக்கெட் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். உண்மை கண்ணுக்கு முன்னால், என் பாக்கெட்டிலேயே இருந்தது, நான்தான் பார்த்தும் பார்க்காமல் போனேன். 🤡 போட அதுதான் தகுதி.

இதோடு 🤦 ஒன்றும் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வயதுதான். எமோஜிகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் 2016-இல் வெளிவந்த 9.0 பதிப்பில் கோமாளி முகம் U+1F921, நெற்றியில் கை வைப்பது U+1F926, கிட்டத்தட்டப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் வேலை வேறு. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் 🤦, அது ஒரு நொடித் தவறு. 🤡 ஒரு நொடியில் நடப்பதில்லை. படிப்படியாக, காரணம் சொல்லிச் சொல்லி, நம்மை நாமே ஒப்புக்கொள்ள வைத்து வந்து சேரும் இடம் அது.

அந்தப் படிப்படி எங்கிருந்து வந்தது என்றால், 2019 வாக்கில் எல்லா இடத்திலும் சுற்றிய ஒரு நான்கு கட்ட மீம். ஒரு ஆள் கோமாளி ஒப்பனை போட்டுக்கொள்வான். கட்டத்துக்குக் கட்டம் அரிதாரம் ஏறும், கடைசியில் கலர் கலரான விக்கோடு முழுக் கோமாளியாக நிற்பான். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்தை எழுத வேண்டும். என் ரயில் கதையை அதில் போட்டால் இப்படி வரும். 14 என்று இருந்தால் 14 ராத்திரிதான், இது முதல் பூச்சு. 00:10 என்றால் என்ன, ராத்திரி வண்டிதானே, இது இரண்டாவது. முந்தின நாள் சாயங்காலமே சார்ட் தயாராகி பெர்த் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிட்டது, "பரவாயில்லையே, இந்தத் தடவை ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள்" என்று ரயில்வேயை மனதுக்குள் பாராட்டினேன், இது மூன்றாவது. விக் மாட்டியது பெரியவரிடம்.

மூன்றாவது கட்டத்தைக் கவனியுங்கள். என்னைக் காப்பாற்ற வந்த எஸ்எம்எஸ்ஸையே எனக்குச் சாதகமான சாட்சியாக மாற்றிக்கொண்டேன். 🤡 கேலி செய்வது அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான்.

இதுவரை சொன்னது தப்பு நடந்த பிறகு போடுவது. நடப்பதற்கு முன்பே போடுவது என்று ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். அதில் கரைகண்டவர்கள் 'சில்க்சாங்' என்ற வீடியோ கேமுக்காகக் காத்திருந்தவர்கள், நானும் அதில் ஒருவன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்று ஒரு சின்னக் குழு, 2017-இல் 'ஹாலோ நைட்' என்ற கேமை வெளியிட்டு, 2019 பிப்ரவரியில் அடுத்தது சில்க்சாங் என்று அறிவித்தார்கள். அப்புறம் அநேகமாக மௌனம். நின்டெண்டோ நிறுவனம் சில மாதங்களுக்கு ஒருமுறை 'டைரக்ட்' என்று புது கேம்களை அறிவிக்கும் வீடியோ போடும். ஒவ்வொரு டைரக்டுக்கும் முந்தின நாள் ரசிகர்கள் கோமாளி ஒப்பனைப் படத்தோடு ஆஜராகிவிடுவார்கள். இந்த முறையும் வராது என்று தெரியும், இருந்தாலும் நம்பப்போகிறேன், அதற்கான வேஷத்தை இப்போதே கட்டிக்கொள்கிறேன் என்று அர்த்தம். எங்கள் குழுவில் டைரக்ட் அன்று சாயங்காலம் ஒருவன் "வேஷம் கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்பான், நாங்கள் மூன்று பேர் வரிசையாக 🤡 🤡 🤡 என்று வருகைப் பதிவு கொடுப்போம். வீடியோ முடிந்து கேம் வராவிட்டாலும் பெரிதாக வலிக்காது, ஏமாற்றத்தின் கணக்கைத்தான் முன்கூட்டியே கட்டிவிட்டோமே.

உண்மையாக அடிபட்டது 2022 ஜூனில். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எக்ஸ்பாக்ஸ் கேம் நிகழ்ச்சியில் சில்க்சாங் ட்ரெய்லர் வந்தது, அங்கே காட்டிய எல்லாமே அடுத்த 12 மாதத்துக்குள் விளையாடக் கிடைக்கும் என்றார்கள். கம்பெனியே சொல்லியாயிற்று, இனி எதற்கு வேஷம் என்று நாங்கள் யாரும் 🤡 போடவில்லை. 2023 மே மாதம், கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, வேலை இன்னும் முடியவில்லை, தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்குக் குழுவில் விழுந்த 🤡 ஒவ்வொன்றிலும் நிஜமான கசப்பு இருந்தது. முன்னால் போடுவதற்கும் பின்னால் போடுவதற்கும் வித்தியாசம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. 2025 ஜனவரியில் டீம் செர்ரியைச் சேர்ந்த ஒருவர் தன் சமூக ஊடகப் படத்தை ஒரு சாக்லேட் கேக்காக மாற்றினார். உடனே ரசிகர்கள் அந்தக் கேக் படத்தைத் தோண்டி, துருவி, அதிலிருந்து ஏப்ரல் 2 என்று ஒரு தேதியை எடுத்தார்கள். கேக்கிலிருந்து தேதி எடுப்பதெல்லாம் நான்காவது கட்டத்துக்கும் அப்பால் போன நிலை. அப்படி எந்தப் புதிரும் இல்லை என்று மறுப்பும் வந்தது. ஆனால் ஏப்ரல் 2 அன்று, நம் நேரப்படி மாலை ஆறரை மணிக்கு நின்டெண்டோவின் புதுக் கேம் கருவியான ஸ்விட்ச் 2-க்காக நடந்த டைரக்டில் சில்க்சாங் நிஜமாகவே சில நொடிகள் வந்து, 2025 என்றும் போட்டார்கள். கேக்கை நம்பியவர்கள் அன்று விக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

இனி எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பதிவுக்குக் கீழே வெறும் 🤡 போட்டால் அது நீங்கள் கேட்டீர்களே, அந்தத் திட்டுதான், விளையாட்டு என்று பிறகு சமாளிக்க முடியாது. ஆபீஸில் மன்னிப்புக் கேட்கும்போதும் வேண்டாம், உங்களால் ராத்திரி முழுக்க வேலை பார்த்தவருக்கு அது திமிராகத்தான் தெரியும். வீட்டிலும் கொஞ்சம் யோசியுங்கள். ரயில் விட்ட அன்று குடும்பக் குழுவிலும் அதே செய்தியைப் போட்டேன், அம்மா உடனே போன் பண்ணி "வண்டிய விட்டுட்டு எதுக்குடா சிரிக்கிற பொம்மைய போடுற, யாராச்சும் மயக்க பிஸ்கட் குடுத்தாங்களா?" என்றார். அவர் பார்த்ததும் சரிதான், அந்த முகம் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது.

இன்னொன்று, இது கொஞ்சம் சீரியஸ். எங்கள் நால்வரில் ஒருவன், நிச்சயம் வரைக்கும் போகும் என்று நம்பிய ஒரு உறவு முறிந்தபோது, ராத்திரி இரண்டு மணிக்கு "நானும் நம்பினேன் 🤡" என்று போட்டான். காலையில் எழுந்து பார்த்து நாங்கள் வரிசையாகச் சிரிப்பு முகம் போட்டோம், அவன் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. தனக்கு 🤡 போட்டுக்கொள்பவன் மற்றவர்களுக்குச் சிரிக்க அனுமதி கொடுத்துவிடுகிறான், அப்புறம் ஆறுதல் கேட்க அவனுக்கு வழியில்லாமல் போய்விடுகிறது. அதிலிருந்து நான் ஒன்று பார்ப்பேன். பெரியவர், பெர்த், காபி என்று விவரத்தோடு வந்தால் அவன் ஏற்கனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டான், நாமும் சேர்ந்துகொள்ளலாம். விவரமே இல்லாமல் ஒற்றை வரியும் ஒரு 🤡-வும் அகால நேரத்தில் வந்தால், சரி, போனை எடுத்துப் பேசிவிடுவது நல்லது.

சில்க்சாங் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று, இரண்டே வாரத்தில் ரிலீஸ் என்றார்கள், செப்டம்பர் 4 அன்று வந்தேவிட்டது. அன்று மாலை ஏழரைக்கு உலகமே ஒரே நேரத்தில் வாங்கப் பாய்ந்ததில் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை திணறிப்போய், பணம் கட்டும் பக்கமே திறக்காமல் நாங்கள் ரீஃப்ரெஷ் அடித்துக்கொண்டிருந்தோம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் மூவருக்கும் 🤡 போடக் காரணம் இல்லை. எப்போதும் "வேஷம் கட்டியாச்சா?" என்று கேட்பவன் மட்டும், இந்த கேம் எல்லாம் வராது என்று ஒரு முழு பிரியாணி பந்தயம் கட்டியிருந்தவன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு 🤡 அனுப்பினான், கூடவே "எந்தக் கடை?" என்று.