தண்ணீர்க் கணக்கை வாசகர் கையில் கொடுங்கள்

கேள்வி: செயின்ட் பிராண்டனில் ஒரு மணல்தீவில் தனியாக மாட்டிக்கொண்ட மீனவனைப் பற்றி நெடுங்கதை எழுதுகிறேன். முதல் இரண்டு அத்தியாயம் எல்லாருக்கும் பிடித்தது. மூன்றாவதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சுறா, புயல், காய்ச்சல் எல்லாம் வைத்துப் பார்த்தேன், இழுக்கவில்லை. பேச ஆளே இல்லாத கதையை எப்படி நகர்த்துவது? (மாஎபூர் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். சுறா வருகிறது, போகிறது. போன பிறகு அவன் நிலைமை முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது. காய்ச்சலும் அப்படித்தான் வந்து போகிறது. அடுத்து என்ன வரும் என்று வாசகர் சும்மா காத்திருக்க வேண்டியதாகிறது. அவன் என்ன செய்யலாம் என்று அவரும் சேர்ந்து யோசிக்க வேண்டுமானால், அவர் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். மொரீஷியஸிலிருந்து 430 கிலோமீட்டர் தள்ளி, ஆறும் ஊற்றும் இல்லாத அந்தப் பவளத் திட்டுகளில் அந்தக் கணக்கு தண்ணீர்தான்.

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கடல் கதையை, எங்கள் தெருவில் இருந்த ஒரு மீனவப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "படகுல தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் அதை எழுதவே இல்லை. அன்றிலிருந்து இந்த வகைக் கதை யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு எண்ணைத்தான்.

உங்கள் கதைக்கு ஒரு எண் வைத்துப் பார்ப்போம். படகிலிருந்து அவன் காப்பாற்றியது ஒரு 20 லிட்டர் கேன், அதில் 9 லிட்டர் மிச்சம். இந்த வெயிலில் நிழலில் அசையாமல் கிடந்தாலே உடம்பு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவு கேட்கும். இதை முதல் பக்கங்களிலேயே வாசகர் தெரிந்துகொள்ளட்டும். பிறகு, முதல் நாள், பவளம் கிழித்த காலை அவன் அரை லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவட்டும். அது வீண் என்று நீங்கள் சொல்லாதீர்கள். நான்காம் நாள் கேனைச் சாய்த்துப் பார்க்கும்போது வாசகருக்கே அந்தக் கால் ஞாபகம் வரும்.

நான்காம் நாள் கேனில் 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கிணறு தோண்டலாமா என்ற கேள்வி வருகிறது. பெய்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட இலேசானதால் அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். மிகச் சிறிய திட்டில் அதுவும் இருக்காது, ஆகவே உங்கள் தீவுக்குக் கொஞ்சம் அகலமும் நடுவில் புதர்களும் கொடுங்கள். ஆனால் வெயிலில் தோண்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போய்விடும். மூன்று மணி நேரம் தோண்டித் தண்ணீர் வராவிட்டால் கணக்கு முடிந்தது. அதனால் அவன் பகலெல்லாம் கவிழ்த்த படகின் நிழலில் படுத்துக் கிடந்து நிலவுக்குக் காத்திருக்கிறான். ஒன்றுமே நடக்காத அந்தப் பகலை நீங்கள் இரண்டு பக்கம் எழுதலாம், யாரும் தாண்டிப் போக மாட்டார்கள்.

இரவில் தோண்டுகிறான், மணல் ஈரமாகிறது, கசிவு தெரிகிறது. கசிவு கண்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஆழம் போனால் கீழேயுள்ள உப்புநீர் ஏறிக் கலந்துவிடும். உங்கள் முதல் அத்தியாயத்தில் இவன் வலையைக் கண்ணி கண்ணியாகப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் எழுந்திருக்கிறான், எதையும் அரைகுறையாக விடாதவன். அந்தக் குணமே அவனை இன்னும் ஒரு முழம் தோண்ட வைக்கட்டும். விடிகாலையில் குழி நிறைய இருப்பது உப்புத் தண்ணீர். சுறா செய்ய முடியாததை இந்த ஒரு முழம் செய்யும், ஏனென்றால் இது அவன் கையாலேயே வந்தது. இரண்டாவது குழியை அவன் வேறு மனிதனாகத் தோண்டுவான்.

பேச ஆள் இல்லை என்ற கவலைக்கும் இங்கேயே வழி இருக்கிறது. நீங்கள் அவனை உட்கார வைத்து நினைவுகளுக்குள் அனுப்பிவிடுகிறீர்கள். மனைவி, பிள்ளை, கோவில் திருவிழா என்று ஆறு பக்கம் போகிறது, அதுவரை தீவு காணாமல் போகிறது. கை செய்யும் வேலை எதைக் கிளறுகிறதோ அந்த நினைவு மட்டும் வரட்டும். வந்த நினைவு அவனுடைய அடுத்த செயலை மாற்றட்டும். அவன் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பவன் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு வேலை கொடுங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும்போது மீன் தின்னக்கூடாது. அந்தப் புரதத்தின் கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரைச் செலவழிக்கும். பசியை அடக்கத் தெரிந்தவனுக்கு இதைச் செய்ய முடியும். உங்கள் கதையில் "தனிமை அவனைத் தின்றது, கடல் அவனைப் பார்த்துச் சிரித்தது" என்று இருக்கும் இடத்தில் நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"தூண்டிலில் உள்ளங்கை நீள மீன் ஒன்று மாட்டியிருந்தது. வாயில் எச்சில் ஊறவில்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. கேனைத் தட்டினான். அடியில் மட்டும் சத்தம் கனத்தது. 'ஏழாம் நாள் விரதம்னு நெனச்சுக்கோ' என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டான். அது உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அவன் விரல்கள் பக்கமே நின்றது."

தனிமை என்ற சொல் இதில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

நாட்களைத் தாண்டுவது இன்னொரு சிக்கல். "இப்படியே பதினைந்து நாள் கழிந்தது" என்றால் வாசகர் கணக்கைத் தொலைத்துவிடுவார். நம் பக்கத்து டிரோமெலின் தீவை நினைத்துப் பாருங்கள். 1761-இல் உடைந்த கப்பலிலிருந்து கரையேறிய மடகாஸ்கர் அடிமைகளை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். 1776-இல் மீட்புக் கப்பல் வந்தபோது ஏழு பெண்களும் ஒரு கைக்குழந்தையும்தான் மிஞ்சியிருந்தார்கள். அங்கே அகழ்ந்தவர்களுக்குக் கிடைத்தவற்றில் செப்புப் பாத்திரங்களும் உண்டு. ஓட்டை விழ விழ, செப்புத் துண்டு வைத்து ஆணியடித்து, மறுபடி மறுபடி ஒட்டுப் போட்ட பாத்திரங்கள். அந்தப் பதினைந்து வருஷம் அந்த ஒட்டுகளிலேயே தெரிகிறது. உங்கள் கதையிலும் ஒரு பொருளைத் தேய விடுங்கள். கேனின் மூடி விரிசல் விடட்டும், அவன் அதைத் தூண்டில் நரம்பால் கட்டட்டும். அடுத்த அத்தியாயத்தில் நரம்பு மூன்று சுற்றாகியிருந்தால் நாள் போனது தெரிந்துவிடும்.

கடைசியாக மழை. கேன் காலியான அதே நொடியில் கொட்டினால் ஆசிரியர் கை தெரியும். இரண்டாவது குழியின் கரிப்புத் தண்ணீரை வாய் வாயாகக் குடித்து அவன் சமாளிக்கும்போது, எதிர்பாராத ஒரு பின்னிரவில் வரட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அவனுடைய தார்ப்பாய் இரண்டுக்கு மூன்று மீட்டர் என்றால், ஐந்து மில்லிமீட்டர் மழைக்கே 30 லிட்டர் வரை வரும். முதலில் வழிவது உப்பு, ஏனென்றால் பாயெல்லாம் கடல்நீர் காய்ந்திருக்கிறது. அதை நக்கிப் பார்த்துவிட்டு அவன் கொட்ட வேண்டும், நல்ல தண்ணீர் வரும்வரை கேனை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். கேன் நிறைந்த பிறகும் பாயிலிருந்து தண்ணீர் மணலில் வழிந்துகொண்டே இருக்கும்.

மழை விட்டதும் அவன் தூண்டிலை எடுப்பான். ஏன் என்று வாசகருக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.